கம்பனியை விற்கும் முன் ஒரு சந்திப்பு: யார் வரலாம், எதைக் காட்டலாம், எப்போது?

மொன்றியலில் வாழும் நம்மவர் எல்லோருக்கும் கூஷ்-தார் கடையின் கண்சிமிட்டும் ஆந்தை தெரியும். நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்த முதல் வருடங்களில் டெப்பனர்களில் இரவு வேலை செய்தவர்கள். சிலர் சொந்தமாக ஒன்றை வாங்கி நடத்தியவர்கள். லவாலில் 1980இல் ஒரே ஒரு கடையோடு தொடங்கிய அந்த நிறுவனம், 2024இல் செவன்-இலெவன் கடைகளின் உரிமையாளரான யப்பானிய நிறுவனம் செவன் அன்ட் ஐயை வாங்கக் கேட்டது. முதல் விலை ஏறக்குறைய 38.5 பில்லியன் அமெரிக்க டொலர். பின்பு அது 47 பில்லியன் அளவுக்கு உயர்ந்தது. 2025 யூலை 16ஆம் திகதி கூஷ்-தார் அந்த முயற்சியைக் கைவிட்டது.

கைவிடும்போது அது வெளியிட்ட கடிதத்தில் சொன்ன முக்கிய குறைகள் இரண்டு. வாங்குமுன் சோதனைக்குத் தரப்பட்ட தகவல் மிகக் குறைவு என்பது ஒன்று. முகாமையாளர்களோடு நடந்த சந்திப்புகள் இறுகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தன, கேட்ட கேள்விக்கு உருப்படியான பதில் வரவில்லை என்பது மற்றது. செவன் அன்ட் ஐ இதை ஏற்கவில்லை. கடிதம் நடந்ததைத் தவறாகச் சித்திரிக்கிறது என்று பதில் சொன்னது. யார் சொன்னது சரி என்பதை வெளியே இருந்து தீர்க்க முடியாது. ஆனால் இவ்வளவு பெரிய பேரம் முறிந்தபோது பொதுவெளியில் முன்வைக்கப்பட்ட முறைப்பாடு, கூட்டத்தையும் ஆவணங்களையும் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு ஆங்கிலத்தில் மனேஜ்மென்ட் பிரசன்டேஷன் என்று பெயர். முகாமை விளக்கக் கூட்டம் என்று சொல்லலாம். விற்பவரின் தலைமை ஆட்கள் வாங்க வருபவரின் முன்னால் உட்கார்ந்து, தங்கள் தொழில் எப்படிப் பணம் சம்பாதிக்கிறது, எங்கே பலவீனம் இருக்கிறது, அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் எங்கே போகும் என்று விளக்கும் அமர்வு அது. கணக்குப் புத்தகம் சொல்லாததை மனிதர் சொல்வார்கள் என்பதற்காகவே வாங்குபவர் அதைக் கேட்கிறார். எண்பதுகளின் இறுதியிலும் தொண்ணூறுகளிலும் வந்து தொழில் தொடங்கிய நம் தலைமுறையினர் இப்போது அறுபதைத் தாண்டுகிறார்கள். பிள்ளைகள் மருத்துவமும் பொறியியலும் படித்துவிட்டுத் தொழிலை ஏற்க விரும்பாதபோது, விற்பது ஒன்றே வழி. ஆகவே இந்தக் கூட்டம் பில்லியன்காரருக்கு மட்டும் உரியது அல்ல.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பார்ப்போம். சென்-லோரன் பகுதியில் ஒரு மளிகைப் பொருள் விநியோக நிறுவனம். வருடத்துக்கு 90 இலட்சம் டொலர் விற்பனை, 22 ஊழியர்கள், சொந்தக் களஞ்சியம். உரிமையாளர் ஓர் அண்ணன், தம்பி. கணக்கைப் பார்ப்பவர் அண்ணனின் மகள். வாங்கக் கேட்பவர் இதே நகரத்தில் இதே தொழிலைச் செய்யும், மூன்று மடங்கு பெரிய நிறுவனம். போட்டியாளர் வாங்க வருவது மிக வழக்கமானது. மிகவும் ஆபத்தானதும் அதுவே.

முதலில் இரகசியம்

கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கு முன் இரகசியக் காப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகியிருக்க வேண்டும். இதை என்.டி.ஏ. என்று எல்லோரும் சொல்வார்கள். கூஷ்-தார் முதற்கோரிக்கை வைத்ததற்கும் இந்த ஒப்பந்தம் கையெழுத்தானதற்கும் இடையில் பல மாதங்கள் போயின. அது வரை உள்ளே இருக்கும் கணக்கு எதையும் அது பார்க்கவில்லை. சிறிய தொழிலில் இதற்கு இரண்டு மூன்று நாள் போதும். ஆனால் இணையத்தில் இருந்து இறக்கிய இரண்டு பக்கப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம்.

அந்தப் படிவத்தில் "வெளியே சொல்லமாட்டேன்" என்று இருக்கும். அது போதாது. "இந்தத் தகவலை இந்தக் கொள்வனவை ஆராய்வதற்கு மட்டுமே பயன்படுத்துவேன், வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டேன்" என்ற வாக்கியமும் இருக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கனடாவில் ஒரு வழக்கு தெளிவாகக் காட்டியது. மிசிசாகாவில் இருந்த சேர்ட்டிகொம் என்ற மறைகுறியாக்க நிறுவனம், பிளாக்பெரி கைபேசியைச் செய்த ரிசர்ச் இன் மோஷன் நிறுவனத்தோடு 2007இலும் 2008இலும் இரகசிய ஒப்பந்தங்கள் செய்திருந்தது. குறித்த காலம் வரை சம்மதமில்லாமல் பங்குகளை வாங்க முனையக் கூடாது என்ற தடை முதல் ஒப்பந்தத்தில் இருந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2008 டிசம்பரில் ரிசர்ச் இன் மோஷன், சேர்ட்டிகொம் முகாமையின் சம்மதம் இல்லாமல் பங்குக்கு 1.50 டொலர் என்று நேரடியாகப் பங்குதாரரிடம் கேட்டது. 2009 யனவரியில் ஒன்ராறியோ நீதிமன்றம் அதைத் தடுத்தது. தடைக்காலம் முடிந்திருந்தாலும், இரகசியத் தகவலை எதற்காகப் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு உயிரோடு இருந்தது என்பதே காரணம். பின்பு இன்னொரு நிறுவனம் போட்டிக்கு வந்தது. கடைசியில் ரிசர்ச் இன் மோஷன் பங்குக்கு 3 டொலர் கொடுத்தே சேர்ட்டிகொம்மை வாங்கியது. ஒப்பந்தத்தில் இருந்த அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் விலை இரட்டிப்பாகி இருக்குமா என்பது சந்தேகமே.

நம் மளிகை நிறுவனத்துக்கு இதே வாக்கியம் வேறு விதத்தில் உதவும். போட்டியாளர் கூட்டத்துக்கு வந்து, உங்கள் இறக்குமதிச் செலவைப் பார்த்து, பேரத்தைக் கைவிட்டு, அடுத்த மாதம் உங்கள் பெரிய வாடிக்கையாளருக்குச் சற்றுக் குறைந்த விலை கொடுத்தால், அவர் யாரிடமும் எதையும் "வெளியே சொல்லவில்லை". ஆனால் பயன்படுத்திவிட்டார்.

கியூபெக்கில் இன்னும் ஒன்று இருக்கிறது. ஊழியரின் பெயர், சம்பளம், விடுமுறை போன்றவை தனிப்பட்ட தகவல். சட்டம் 25 என்று நாம் சொல்லும் திருத்தங்களின்படி, வணிகக் கொடுக்கல் வாங்கலுக்கு அவசியமானால் அந்தத் தகவலை ஊழியரின் சம்மதம் இல்லாமலே மற்றத் தரப்புக்குக் கொடுக்கலாம். இந்தச் சலுகை 2022 செப்டெம்பர் 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். தகவலை அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் பயன்படுத்துவது, பாதுகாப்பது, பேரம் நடக்காவிட்டால் அழிப்பது ஆகியவற்றுக்கு மற்றத் தரப்பு அதில் உடன்பட வேண்டும். சாதாரண என்.டி.ஏ. படிவங்களில் இது பெரும்பாலும் இருப்பதில்லை. சட்டத்தரணியிடம் இதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

மேசையில் யார்

விற்பவர் பக்கத்தில் மூன்று முதல் ஐந்து பேர் போதும். எங்கள் எடுத்துக்காட்டில் அண்ணன், கணக்கைப் பார்க்கும் மகள், களஞ்சியத்தையும் விநியோகத்தையும் நடத்தும் முகாமையாளர். அவர்களோடு கூட்டத்தை நடத்திச் செல்லும் ஆலோசகர் அல்லது கணக்காளர். தம்பி வரவேண்டுமா என்பது குடும்பத்துக்குள் வரும் முதல் சண்டை. தம்பிக்குத் தொழிலின் ஒரு பகுதி பொறுப்பில் இருந்தால் வரட்டும். பங்கு மட்டும் இருந்தால் வரத் தேவையில்லை. மரியாதைக்காக உட்கார வைக்கப்பட்டவர், விலை பற்றிய கேள்விக்கு அண்ணன் சொல்லாத ஓர் எண்ணைச் சொல்லிவிடுவார். விலை இந்தக் கூட்டத்தில் பேசும் விடயமே அல்ல என்று முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

களஞ்சிய முகாமையாளர் விடயம் நுட்பமானது. அவரை அழைத்தால், நிறுவனம் விற்கப்படப் போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். அழைக்காவிட்டால், தினசரி வேலை எப்படி நடக்கிறது என்ற கேள்விகளுக்கு அண்ணன் பதில் சொல்லத் திணறுவார். தொழில் ஒரே மனிதரின் தலையில் நிற்கிறது என்ற எண்ணம் வாங்குபவருக்கு வரும். விலையைக் குறைக்க அதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைக்காது. ஆகவே அவரை அழைப்பதே நல்லது. ஆனால் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு தொலைபேசியில் சொல்லக் கூடாது. ஒரு கிழமைக்கு முன்னரே தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி, அவரிடமும் இரகசியக் கையெழுத்து வாங்கி, விற்பனை முடிந்து குறித்த காலம் வரை வேலையில் நின்றால் இவ்வளவு ஊக்கத்தொகை என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். "புதிய உரிமையாளரோடு தொடர்வீர்களா?" என்று வாங்குபவர் கேட்பது நிச்சயம். அந்தக் கேள்வியை அவர் முதன்முதலாக மேசையில் கேட்கக் கூடாது.

வாங்குபவர் பக்கத்துப் பெயர்ப்பட்டியலைக் குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன்பு எழுத்தில் வாங்குங்கள். பெயர், பதவி, ஏன் வருகிறார் என்ற மூன்றும் இருக்க வேண்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், நிதிப் பொறுப்பாளர், பின்பு இணைத்து நடத்தப்போகிற செயற்பாட்டுப் பொறுப்பாளர் ஆகியோர் நியாயமானவர்கள். கடன் கொடுக்கப்போகிற வங்கியாளர் வருவதானால், ஒப்பந்தம் அவரையும் கட்டுப்படுத்துகிறதா என்று பாருங்கள். விற்பனைப் பொறுப்பாளரின் பெயர் பட்டியலில் இருந்தால் நிறுத்துங்கள். நாளைக்கு உங்கள் கடைக்காரரிடம் விலை பேசப் போகிறவர் அவர். இன்று உங்கள் விலைப் பட்டியலைக் கேட்டுவிட்டு நாளைக்கு அதை மறக்க அவரால் முடியாது. இது உங்கள் நலன் மட்டுமல்ல. கொள்வனவு முடியும் வரை இரண்டும் தனித்தனிப் போட்டி நிறுவனங்களே. எதிர்கால விலை, யாருக்கு யார் விற்பது, ஊழியருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது என்பவற்றில் போட்டியாளர்கள் ஒத்துப்போவது கனடாவின் போட்டிச் சட்டத்தில் குற்றமாகலாம். சம்பளத்தை ஒத்துப் பேசுவதும், ஒருவர் ஆளை மற்றவர் எடுக்கமாட்டோம் என்று உடன்படுவதும் 2023 யூன் 23 முதல் அதில் சேர்ந்தன. ஊழியரைக் கவரக் கூடாது என்ற வாக்கியத்தை என்.டி.ஏ.யில் போடும்போதும் சட்டத்தரணி இதை மனதில் வைத்தே எழுத வேண்டும்.

இடம் பற்றி ஒரு சொல். களஞ்சியத்தில் வைக்காதீர்கள். கோட்டு சூட்டுப் போட்ட நான்கு பேர் காலை பத்து மணிக்கு வந்து இறங்கினால், மத்தியானத்துக்குள் பார ஊர்தி ஓட்டுநர்களுக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஊருக்கே தெரியும். சட்டத்தரணியின் காரியாலயத்தில் அல்லது விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டல் அறையில், நிறுவனப் பெயர் இல்லாமல் பதிவு செய்து நடத்துங்கள். களஞ்சியத்தை ஒரு சனிக்கிழமை பின்னேரம் தனியாகக் காட்டலாம். வருபவர்கள் பிரெஞ்சில் பேசுகிறவர்களானால், விளக்கத் தாள்களையும் பிரெஞ்சில் தயாரியுங்கள். ஆங்கிலத்தில் சமாளிக்கலாம் என்று போகிறவர், கணக்கு பற்றிய கடினமான கேள்வியில்தான் தடுமாறுவார்.

தரவு அறை: எந்தக் கதவு எப்போது

தரவு அறை என்பது இப்போது இணையத்தில் பூட்டி வைத்த ஆவணக் கிடங்கு. யார் எந்தக் கோப்பை எத்தனை மணிக்குத் திறந்தார் என்று அது பதிவு வைத்திருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் பார்ப்பவரின் பெயரை நீர்க்குறியாகப் போடலாம், தரவிறக்கத்தை நிறுத்தலாம். சாதாரண மின்னஞ்சல் இணைப்பில் கோப்புகளை அனுப்புவதை விட இதற்குக் கொஞ்சம் செலவு கூட. அந்தச் செலவு வீண்போகாது.

பெரும்பாலும் பிழைப்பது நேரத்தில். முதல் நாள் இரவு அறையைத் திறந்தால், வாங்குபவர் எதையும் படிக்காமல் வருவார். மூன்று மணி நேரமும் "எத்தனை ஊழியர்?" என்ற அளவிலேயே போய்விடும். எல்லாவற்றையும் முதல் நாளே திறந்துவிட்டால், விற்பவரின் கையில் எதுவும் இல்லை. ஆகவே அறையை மூன்று படிகளாகப் பிரிப்பது வழக்கம்.

எங்கள் எடுத்துக்காட்டில் கூட்டம் மூன்றாம் கிழமை வியாழன் என்று வைப்போம். முதற்கிழமைத் திங்கள் என்.டி.ஏ. கையெழுத்து. இரண்டாம் கிழமைத் திங்கள் முதற்படி திறக்கும். கடந்த மூன்று வருட நிதியறிக்கைகள், மாதவாரி விற்பனை, கட்டட உறுதி அல்லது குத்தகை, ஊழியர் எண்ணிக்கை பிரிவு வாரியாக, பெயர் இல்லாமல். வாடிக்கையாளர்கள் "வாடிக்கையாளர் 1", "வாடிக்கையாளர் 2" என்று இருப்பார்கள். முதல் மூவர் மொத்த விற்பனையில் 40 விழுக்காடு என்ற உண்மையை மறைக்கக் கூடாது. பெயரைத்தான் மறைக்கலாம். வெள்ளிக்கிழமை வாங்குபவர் கேள்விகளை எழுத்தில் அனுப்புவார். அந்தக் கேள்விகளே கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலைத் தீர்மானிக்கும். மூன்றாம் கிழமைச் செவ்வாய் ஒத்திகை. புதன்கிழமை, விளக்கத் தாளில் உள்ள ஒவ்வோர் எண்ணும் தரவு அறையில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று மகளும் கணக்காளரும் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

இந்தப் புதன்கிழமை வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரு உதாரணம். விளக்கத் தாளில் வருட இலாபம், அதாவது வட்டிக்கும் வரிக்கும் தேய்மானத்துக்கும் முந்திய தொகை, 9 இலட்சம் டொலர் என்று இருக்கிறது. நிதியறிக்கையில் இருந்து கணக்கிட்டால் 7 இலட்சத்து 10 ஆயிரம் வருகிறது. ஒரு இலட்சத்து 90 ஆயிரம் எங்கே? பொய் ஒன்றும் இல்லை. அண்ணனும் தம்பியும் சந்தைச் சம்பளத்தை விட 80 ஆயிரம் கூட எடுத்தார்கள். ஒருமுறை வந்த வழக்குச் செலவு 45 ஆயிரம். குடும்பத்தின் சொந்தக் கார்கள் 25 ஆயிரம். ஓர் உறவினரின் கட்டடத்துக்குச் சந்தையை விட 40 ஆயிரம் கூடிய வாடகை. புதிய உரிமையாளருக்கு இந்தச் செலவுகள் இருக்காது என்பதால் இவற்றைத் திரும்பக் கூட்டுவது வழமையே. ஆனால் இந்த நான்கு வரிகளும் ஒரு பக்கத் தாளில், ஆதாரத்தோடு, கூட்டத்துக்கு முன்பே தரவு அறையில் இருக்க வேண்டும். மேசையில் வைத்து வாங்குபவரின் நிதிப் பொறுப்பாளர் அதைக் கண்டுபிடித்தால், சரியான விளக்கம்கூடச் சாக்குப் போலக் கேட்கும். அதன் பிறகு அவர் மற்ற எண்களையும் நம்பமாட்டார். வியாபாரம் ஐந்து மடங்கு இலாபத்துக்கு விலை போகிறது என்றால், நிரூபிக்க முடியாத 40 ஆயிரம் வாடகை வித்தியாசம் விலையில் இரண்டு இலட்சம்.

கூட்டம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் பாதி கேள்விக்கு. காட்டிய தாள்களை மறுநாள் வெள்ளிக்கிழமை அறையில் ஏற்றலாம், அச்சிட்டுக் கையில் கொடுக்க வேண்டாம். பதில் சொல்ல முடியாத கேள்விக்கு "எழுத்தில் தருகிறோம்" என்று சொல்லி ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். பதில் தரவு அறையின் கேள்விப் பகுதி வழியாக மட்டுமே போக வேண்டும். தம்பி வட்ஸ்அப்பில் அனுப்பிய பதில் பின்பு சட்டத்தரணியின் மேசைக்கு வரும்போது, அது உறுதிமொழியா வெறும் பேச்சா என்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டாம் படி, அதாவது ஒப்பந்தங்கள், வாடிக்கையாளர் வாரியான இலாப விகிதம், பெயர் இல்லாத சம்பளப் பட்டியல், வாங்குபவர் விலையைக் குறிப்பிட்டு விருப்பக் கடிதம் தந்த பிறகே திறக்கும். மூன்றாம் படி, வாடிக்கையாளர் பெயர்களும் வழங்குநர் விலைகளும். போட்டியாளர் வாங்கும்போது இது வாங்குபவரின் ஊழியர் கண்ணுக்கே போகாமல், அவர் அமர்த்திய வெளிக் கணக்காளரும் சட்டத்தரணியும் கொண்ட தனிக் குழுவுக்கு மட்டும் போகலாம். அவர்கள் மொத்த முடிவை மட்டும் வாங்குபவருக்குச் சொல்வார்கள். பெயர்கள் கையெழுத்துக்குச் சற்று முன்பு மட்டும்.

செவன் அன்ட் ஐ விடயத்தில் இந்தப் போட்டிச் சிக்கல் பெரிதாக நின்றது. அமெரிக்காவில் கடை எண்ணிக்கையில் முதலிடத்தில் செவன்-இலெவன், இரண்டாமிடத்தில் கூஷ்-தார். இரண்டும் சேர்ந்தால் அமெரிக்க அதிகாரிகள் ஒப்புவதற்கு ஏராளமான கடைகளை வேறொருவருக்கு விற்க வேண்டியிருக்கும். அதை யார் வாங்குவார் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று செவன் அன்ட் ஐ வலியுறுத்தியது. விற்பவரின் நிலையில் அது நியாயமான கவலை. பேரம் அதிகாரிகளிடம் முறிந்தால், இரகசியத்தைப் பார்த்த போட்டியாளர் எதிரே நிற்பார். வாங்குபவரின் நிலையில், பார்க்காமல் 47 பில்லியன் கொடுக்க முடியாது. படிகளை முன்கூட்டியே எழுதிக் கையெழுத்திடுவதுதான் இதற்கு வழி. எந்தக் கடிதம் வந்தால் எந்தக் கோப்புறை எத்தனை நாளில் திறக்கும், எத்தனை சந்திப்புகள், அவற்றில் யார் கட்டாயம் இருப்பார் என்று ஒரு பக்கம் எழுதினால் போதும். கியூபெக் சிவில் கோவையின் 1375ஆம் பிரிவு பேரத்தின்போதும் நல்லெண்ணத்தோடு நடக்கக் கேட்கிறது. ஆனால் நல்லெண்ணம் என்றால் என்னவென்று பின்பு வாதாடுவதை விட, திகதி எழுதிய ஒரு தாள் மலிவானது.

வந்தவர் உண்மையில் வாங்க வந்தவரா என்பதைத் தரவு அறையின் பதிவேடு ஓரளவு சொல்லும். உண்மையாக வாங்குபவர் நிதியறிக்கையிலும் குத்தகையிலும் வரி ஆவணங்களிலும் மணிக்கணக்கில் நிற்பார். சலிப்பான கோப்புகளையும் திறப்பார். வாடிக்கையாளர் அட்டவணையை மட்டும் ஒன்பது தடவை திறந்து, மற்றவற்றைத் தொடாமல், பெயர்களை முன்கூட்டித் தரும்படி வற்புறுத்துகிறவர் வேறு நோக்கத்தோடு வந்திருக்கலாம். அப்படியானால் இரண்டாம் படியைத் திறக்காதீர்கள். பேரம் நின்றுவிட்டால் அன்றே எல்லோருடைய அனுமதியையும் மூடி, பதிவேட்டின் பிரதியை எடுத்து வைத்து, தகவலை அழித்ததாக அவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தக் கடிதத்துக்குக் காலக்கெடு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பத்து வேலை நாள் என்று போடுவது வழக்கம்.